சிரிஞ்ச் பம்ப் கணக்கு தப்பினால் எந்தப் படி தப்பியது? விடையின் அளவை வைத்தே கண்டுபிடிக்கும் முறை

நர்சிங் மாணவர்களை அதிகம் தடுமாற வைப்பது மாத்திரைக் கணக்கு அல்ல. எடைக்கு ஏற்ப, நிமிடக் கணக்கில் டோஸ் எழுதப்பட்டு, பம்பில் மணிக்கு எத்தனை மி.லி. என்று வைக்க வேண்டிய கணக்குதான். ஒரே கணக்கில் எடை, நேரம், மைக்ரோகிராம், மில்லிகிராம், கரைசலின் செறிவு எல்லாம் வந்துவிடும். விடை தப்பினால் பலரும் முதல் வரியிலிருந்து மறுபடி போட்டுப் பார்ப்பார்கள். அதே கை, அதே பழக்கம் என்பதால் அதே தப்பு மறுபடியும் வரும்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. தப்பான விடையைத் தூக்கிப் போடாமல் அதைச் சரியான விடையால் வகுங்கள். கிடைக்கும் எண் எந்தப் படி விட்டுப்போனது என்று பெரும்பாலும் சொல்லிவிடும். கீழே அந்த எண்ணையே அறிகுறியாக வைத்து ஒவ்வொன்றாகப் போகலாம்.

முதலில் ஒரு சரியான கணக்கு

நோயாளியின் எடை 50 கிலோ. டோபமைன், ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் என்று ஆர்டர். ஆம்பூலில் 5 மி.லி.யில் 200 மி.கி. மருந்து இருக்கிறது. அதை மொத்தம் 50 மி.லி. ஆகும்படி கலந்து சிரிஞ்சில் ஏற்றியிருக்கிறோம். ஆகவே ஒரு மி.லி.யில் 4 மி.கி.

```
5 × 50      = 250 mcg/min
250 × 60    = 15000 mcg/h
15000 ÷ 1000 = 15 mg/h
15 ÷ 4      = 3.75 mL/h
```

நான்கு வரி, நான்கு படி. ஒவ்வொரு வரியிலும் அலகு எழுதியிருப்பதைக் கவனியுங்கள். ஒரே சூத்திரமாக மனப்பாடம் செய்தவர்களுக்கு எந்த இடத்தில் சறுக்கினோம் என்பதே தெரியாமல் போகிறது. வரி வரியாகப் போடுவதைத்தான் நான் வலியுறுத்துவேன்.

பயிற்சிப் புத்தகத்தில் விடை பின்னால் இருக்கும். வார்டில் அது இருக்காது. அங்கே தலைகீழாகக் கணக்குப் போடுங்கள். பம்பில் வைத்திருக்கும் எண்ணிலிருந்து தொடங்கி, நோயாளிக்கு உண்மையில் எவ்வளவு டோஸ் போகிறது என்று கண்டுபிடியுங்கள். 3.75 ஐ 4 ஆல் பெருக்கினால் மணிக்கு 15 மி.கி., அதாவது 15000 மைக்ரோகிராம். 60 ஆல் வகுத்தால் 250. எடை 50 ஆல் வகுத்தால் 5. ஆர்டரும் 5 என்பதால் சரி. அது 5 ஆக வராவிட்டால், வந்த எண்ணை 5 ஆல் வகுங்கள். அந்த விகிதம்தான் இனி நாம் பார்க்கப்போகும் அறிகுறி.

அறிகுறி: விடை 1000 மடங்கு பெரியது அல்லது சிறியது

மணிக்கு 3750 மி.லி. என்று வந்தால் மைக்ரோகிராமை மில்லிகிராமாக மாற்றும் வரி விட்டுப்போயிருக்கிறது. 15000 ஐ அப்படியே 4 ஆல் வகுத்துவிட்டீர்கள். 0.00375 என்று வந்தால் அந்த வகுத்தலை இரண்டு முறை செய்திருக்கிறீர்கள். செறிவை முதலிலேயே மைக்ரோகிராமுக்கு மாற்றி 4000 என்று எழுதிவிட்டு, பிறகு மேலேயும் 1000 ஆல் வகுத்தால் இப்படித்தான் வரும்.

இந்தத் தப்பு மட்டும் தனியாக வந்தால் கண்ணிலேயே பட்டுவிடும். 50 மி.லி. சிரிஞ்சிலிருந்து மணிக்கு 3750 மி.லி. யாரும் ஏற்ற முடியாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஆர்டரைப் படிக்கும்போதே மைக்ரோகிராமை மில்லிகிராம் என்று படித்துவிட்டால், விடையும் விகிதமும் ஒத்துப்போகும், எதுவும் தப்பாகத் தெரியாது. கையால் எழுதிய `μg` என்ற குறியீடு `mg` போலத் தெரியும் என்பதால்தான் `mcg` என்று எழுதும்படியோ, மைக்ரோகிராம் என்று முழுதாக எழுதும்படியோ சொல்கிறார்கள். படிப்பதில் சந்தேகம் இருந்தால் கணக்கைத் தொடங்காதீர்கள். எழுதியவரிடம் கேளுங்கள்.

அறிகுறி: விடை 60 மடங்கு சிறியது

0.0625 என்று வந்தால் நிமிடத்தை மணியாக மாற்றவில்லை. நீங்கள் கண்டுபிடித்தது நிமிடத்துக்கு எத்தனை மி.லி. என்பது. எண் சரி, அலகுதான் வேறு. 60 ஆல் பெருக்கினால் 3.75 வந்துவிடும்.

பம்பிலேயே டோஸைப் பதிவுசெய்யும் வசதி இருந்தால் இதே 60 மடங்குத் தப்பு அங்கேயும் வரும். சில மருந்துகளை நிமிடக் கணக்கிலும், சிலவற்றை மணிக் கணக்கிலும் ஆர்டர் செய்வது வழக்கம். திரையில் `mcg/kg/min` இருக்க வேண்டிய இடத்தில் `mcg/kg/h` தேர்வாகியிருந்தால் 60 இல் ஒரு பங்குதான் போகும். மாறி நடந்தால் 60 மடங்கு போகும். எண்ணைப் படிப்பதோடு நிறுத்தாமல் அதன் பக்கத்தில் இருக்கும் அலகின் கடைசி எழுத்து வரை படிக்க வேண்டும்.

அறிகுறி: விடை 0.075, அதாவது 50 மடங்கு சிறியது

50 என்பது இந்த நோயாளியின் எடை. எடையால் பெருக்க மறந்திருக்கிறீர்கள். நோயாளி 72 கிலோ என்றால் விகிதம் 72 ஆக இருக்கும். ஆகவே விகிதம் வந்ததும் எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதனால்தான் பயிற்சிக்கு 60 கிலோ நோயாளியை எடுக்கக் கூடாது என்பேன். எடை 60, மணிக்கு நிமிடம் 60. இரண்டில் எதை விட்டாலும் ஒரே தப்பான விடை வரும், எதை விட்டீர்கள் என்று தெரியாது. அதைவிட மோசம், ஒரு மாணவி 60 ஐ ஒரு முறை பெருக்கிவிட்டு இரண்டும் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ள முடியும். நீங்களே கணக்கு அமைத்துப் பழகினால் 53, 68 போன்ற எடைகளை வையுங்கள்.

எடை பவுண்டில் பதிவாகியிருந்தால் விகிதம் 2.2 வரும். இந்த நோயாளி 110 பவுண்ட். அதைக் கிலோ என்று நினைத்தால் விடை 8.25. பவுண்டை 2.2 ஆல் வகுப்பதற்குப் பதில் பெருக்கிவிட்டால் விகிதம் 4.84. இது எல்லா மாற்றங்களுக்கும் பொதுவானது. படி விட்டுப்போனால் அந்த எண் ஒரு முறை வரும், தலைகீழாகச் செய்தால் அதன் வர்க்கம் வரும். 60 ஆல் பெருக்குவதற்குப் பதில் வகுத்தால் 3600 இல் ஒரு பங்கு, இப்படி.

அறிகுறி: விகிதம் எந்தப் பட்டியலிலும் இல்லை

இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நோயாளியைக் கொண்டுபோய் ஆபத்தில் நிறுத்துவது பெரும்பாலும் இந்த வகைதான்.

ஒருவர் இதே கணக்கைப் போட்டு மணிக்கு 62.5 மி.லி. என்று விடை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 3750 போல இது கண்ணை உறுத்தாது. சலைன் பாட்டிலுக்கு மணிக்கு 60, 70 மி.லி. வைப்பது சாதாரணம் என்பதால் பழகிய கண்ணுக்கு இது ஒரு நியாயமான எண்ணாகவே தெரியும்.

தலைகீழ் கணக்கு போடுவோம். 62.5 ஐ 4 ஆல் பெருக்கினால் மணிக்கு 250 மி.கி. மைக்ரோகிராமில் 250000. 60 ஆல் வகுத்தால் சுமார் 4167, 50 ஆல் வகுத்தால் 83.3. ஆர்டர் 5, போவது 83.3. விகிதம் 16.67.

16.67 என்பது 1000 உம் அல்ல, 60 உம் அல்ல, எடையும் அல்ல. அப்படி வந்தால் இரண்டு தப்புகள் சேர்ந்திருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள். தெரிந்த எண்களால் ஒவ்வொன்றாகப் பெருக்கியும் வகுத்தும் பாருங்கள். 16.67 ஐ 60 ஆல் பெருக்கினால் 1000 வருகிறது. ஆக, மணியாக மாற்றும் 60 விட்டுப்போனது, கூடவே மில்லிகிராமாக மாற்றும் 1000 உம் விட்டுப்போனது. 250 ஐ நேராக 4 ஆல் வகுத்திருக்கிறார். ஒரு தப்பு விடையை மேலே தள்ள, இன்னொன்று கீழே இழுக்க, நம்பக்கூடிய இடத்தில் வந்து நின்றுவிட்டது.

இப்போது ஒரு கேள்வி வரும். தலைகீழாகப் போடும்போதும் அதே இரண்டு படிகளையும் விட்டுவிட்டால்? 62.5 ஐ 4 ஆல் பெருக்கி 250, அதை 50 ஆல் வகுத்து 5. "சரியாக இருக்கிறது" என்று வந்துவிடும். உண்மைதான். தலைகீழ் கணக்கு அதே பாதையில் திரும்பி வருவதால், போகும்போது விட்டதை வரும்போதும் விட வாய்ப்பு இருக்கிறது. அதனால் வேறு பாதையில் ஒரு சோதனை வேண்டும்.

அந்தப் பாதை இது. சிரிஞ்ச் எத்தனை மணி நேரத்தில் காலியாகும் என்று கேளுங்கள். 50 மி.லி.யை 62.5 ஆல் வகுத்தால் 0.8 மணி, அதாவது 48 நிமிடம். அந்த 48 நிமிடத்தில் 200 மி.கி. டோபமைன் முழுவதும் நோயாளிக்குள் போய்விடும். இப்போது செறிவைத் தொடாமல், மருந்தின் மொத்த அளவை மட்டும் வைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 250 மைக்ரோகிராம் என்றால் 4 நிமிடத்துக்கு 1 மி.கி. அப்படியானால் 200 மி.கி. போக 800 நிமிடம் ஆக வேண்டும், 13 மணிக்கும் கொஞ்சம் மேலே. 48 நிமிடமும் 800 நிமிடமும் எங்கே, எங்கே! 800 ஐ 48 ஆல் வகுத்தால் அதே 16.67 தான் வருகிறது.

"4 நிமிடத்துக்கு 1 மி.கி." என்ற வரியில் சூத்திரம் எதுவும் இல்லை. 250 மைக்ரோகிராம் நான்கு சேர்ந்தால் 1000. அவ்வளவுதான். அதனால்தான் சூத்திரத்தில் விட்டது இங்கே விடுபடாது. கால்குலேட்டர் இல்லாமலே செய்யலாம், பம்பின் பக்கத்தில் நின்றுகொண்டே செய்யலாம்.

அறிகுறி: விடை சரியாக 10 மடங்கு சிறியது

0.375 என்று வந்திருந்தால் ஆம்பூலின் செறிவை எடுத்திருக்கிறீர்கள். ஆம்பூலில் ஒரு மி.லி.க்கு 40 மி.கி. சிரிஞ்சில் கலந்த பிறகு 4 மி.கி. தான். 5 மி.லி.யை 50 ஆக்கியதால் விகிதம் 10 ஆனது. 4 மி.லி.யை 50 ஆக்கியிருந்தால் 12.5 வந்திருக்கும். ஆக, இங்கே பார்க்க வேண்டியது எத்தனை மடங்கு நீர்க்கச் செய்தோம் என்பதே.

இதன் விளைவு அமைதியானது. நோயாளிக்குக் கிலோவுக்கு அரை மைக்ரோகிராம்தான் போகும், ரத்த அழுத்தம் ஏறாது. "மருந்து வேலை செய்யவில்லை" என்று டோஸைக் கூட்டச் சொல்வார்கள். டோஸ் கூட்டுவதற்கு முன் சிரிஞ்சில் ஒட்டிய லேபிளையும் கணக்கில் எடுத்த செறிவையும் ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

10 மடங்குத் தப்புக்கு இன்னொரு ஊற்று, சதவீதமாகவும் விகிதமாகவும் எழுதப்பட்ட மருந்துகள். 1 சதவீதம் என்றால் 100 மி.லி.யில் 1 கிராம், அதாவது ஒரு மி.லி.க்கு 10 மி.கி. பலர் இதை 1 மி.கி. என்று எடுத்துவிடுகிறார்கள். அட்ரினலினில் 1:1000 என்றால் 1000 மி.லி.யில் 1 கிராம், ஒரு மி.லி.க்கு 1 மி.கி. 1:10,000 என்றால் ஒரு மி.லி.க்கு 0.1 மி.கி. எண் பெரிதானால் மருந்து நீர்த்துப்போகிறது என்பதை நினைவில் வையுங்கள். மூன்றாவது காரணம் தசமப் புள்ளி. `5.0` என்று எழுதினால் 50 என்று படிக்கப்படலாம், `.5` என்று எழுதினால் 5 என்று படிக்கப்படலாம். முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் சுழியும் வேண்டாம், புள்ளிக்கு முன்னால் சுழி கட்டாயம் வேண்டும்.

அறிகுறி: விடை 0.267

விகிதம் பார்க்க வேண்டாம், உங்கள் விடையையும் சரியான விடையையும் பெருக்குங்கள். 0.267 ஐ 3.75 ஆல் பெருக்கினால் 1. கடைசி வகுத்தலை மேல் கீழாகப் போட்டுவிட்டீர்கள், 15 ஐ 4 ஆல் வகுக்காமல் 4 ஐ 15 ஆல் வகுத்திருக்கிறீர்கள். அலகு எழுதியிருந்தால் விடை `h/mL` என்று வந்து காட்டிக்கொடுத்திருக்கும்.

அறிகுறி: சரியாகப் பாதி அல்லது இரு மடங்கு

நார்அட்ரினலினில் இது தனிப் பிரச்சினை. ஆம்பூலில் இருப்பது நார்அட்ரினலின் பைடார்ட்ரேட் என்ற உப்பு. அதில் 2 மி.கி. எடுத்தால் நார்அட்ரினலின் சுமார் 1 மி.கி. தான். லேபிளில் சில தயாரிப்புகள் உப்பின் அளவைப் பெரிதாக எழுதும், சில நார்அட்ரினலினின் அளவை எழுதும்.

50 கிலோ நோயாளிக்கு, கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம், நார்அட்ரினலினாகக் கணக்கிட்டு ஆர்டர் என்று வைப்போம். 4 மி.கி. உப்பை 50 மி.லி.யில் கலந்திருக்கிறோம். அதில் நார்அட்ரினலின் 2 மி.கி., ஒரு மி.லி.க்கு 40 மைக்ரோகிராம். மணிக்குத் தேவை 300 மைக்ரோகிராம், ஆகவே 7.5 மி.லி. லேபிளின் 4 ஐ அப்படியே எடுத்தவருக்கு 3.75 வரும், பாதி டோஸ் போகும். எந்த அலகுச் சோதனையும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் அலகு இரண்டிலும் மில்லிகிராம்தான். லேபிளில் சிறிய எழுத்தில் இருக்கும் வரியைப் படிக்க வேண்டும். உங்கள் மருத்துவமனையில் ஆர்டர் எதன் கணக்கில் எழுதப்படுகிறது என்று மருந்தகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அறிகுறி: கொஞ்சம்தான் வித்தியாசம்

10, 20 சதவீத வித்தியாசம் வந்தால் படி எதுவும் விட்டுப்போகவில்லை. இரண்டு இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, நடுவில் முழுமையாக்குவது. ஒரு மி.லி.க்கு 0.08 மி.கி. என்ற செறிவை 0.1 என்று எழுதினால் அங்கேயே 20 சதவீதம் போய்விட்டது. கடைசி வரியில் மட்டும் முழுமையாக்குங்கள், அதுவும் பம்ப் ஏற்கும் அளவுக்கு. 3.75 ஐ 3.8 ஆக்கினால் டோஸ் 5.07 ஆகிறது, அதனால் தொந்தரவு இல்லை.

இன்னொன்று தாளில் தெரியாது. 50 மி.லி. சலைனை எடுத்து அதன்மேல் 5 மி.லி. மருந்தைச் சேர்த்தால் மொத்தம் 55. செறிவு 3.64 ஆகிவிடும், 3.75 இல் ஓடும் பம்ப் 5 க்குப் பதில் சுமார் 4.5 மைக்ரோகிராம்தான் தரும். சலைன் 45 எடுத்து, மருந்தோடு சேர்த்து 50 ஆக்க வேண்டும். கலந்து முடித்ததும் சிரிஞ்சின் கோட்டைப் பாருங்கள்.

விகிதம் 1, ஆனாலும் தப்பு

எல்லாச் சோதனையும் நீங்கள் உள்ளே போட்ட எண்களை நம்பித்தான் நடக்கின்றன. எடை பழைய பதிவிலிருந்து வந்திருந்தால், ஆம்பூலையே மாற்றி எடுத்திருந்தால், விகிதம் 1 என்றுதான் வரும். அதனால் இரண்டாவது செவிலியர் சரிபார்க்கும்போது உங்கள் தாளைக் காட்டாதீர்கள். ஆர்டரையும் ஆம்பூலையும் நோயாளியின் எடைப் பதிவையும் கொடுங்கள். அவர் தனியாகப் போட்டு முடித்த பிறகு விடைகளை ஒப்பிடுங்கள். "3.75 தானே அக்கா?" என்று கேட்டால் யாருக்கும் ஆமாம் என்றுதான் சொல்ல வரும்.

செய்து பார்க்க

டோபுட்டமைன் 250 மி.கி., 20 மி.லி. வயலில். மொத்தம் 50 மி.லி. ஆக்கியாயிற்று. நோயாளி 70 கிலோ, கிலோவுக்கு நிமிடத்துக்கு 4 மைக்ரோகிராம். சரியான விடை மணிக்கு 3.36 மி.லி. கீழே உள்ள ஐந்தும் தப்பான விடைகள். ஒவ்வொன்றிலும் என்ன நடந்தது என்று கண்டுபிடித்துவிட்டுப் பிறகு கீழே பாருங்கள்.

```
A) 0.056
B) 0.048
C) 1.344
D) 56
E) 0.298
```

முதலாவதில் 60 விட்டுப்போனது. இரண்டாவதில் விகிதம் 70 இல் ஒன்று, எடை விட்டுப்போனது. மூன்றாவதில் விகிதம் 0.4, அதாவது 50 இல் 20: கலந்த பிறகு ஒரு மி.லி.க்கு 5 மி.கி. இருக்க, வயலின் 12.5 ஐ எடுத்திருக்கிறார்கள். நான்காவதில் விகிதம் 16.67, மேலே பார்த்த அதே இரட்டைத் தப்பு. ஐந்தாவதை 3.36 ஆல் பெருக்கினால் 1, வகுத்தல் தலைகீழ். நான்காவதை மட்டும் சிரிஞ்ச் காலியாகும் நேரத்தாலும் சோதியுங்கள்: 56 இல் ஓடினால் 54 நிமிடத்தில் முடியும், நிமிடத்துக்கு 280 மைக்ரோகிராம் போகும் 250 மி.கி. முடிய 893 நிமிடம் ஆக வேண்டும்.